லட்டு டப்பாவுக்குத் தமிழ் லேபிள் எழுதியபோது

உணவுப் பொட்டல லேபிள் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தால் நான் முன்பக்கத்தை முதலில் படிப்பதில்லை. டப்பாவைத் திருப்பிப் பின்னால் இருக்கும் ஊட்டச்சத்து அட்டவணையைத்தான் பார்ப்பேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் என்ன சொன்னாலும் அதற்குக் கணக்கு காட்ட வேண்டியது பின்பக்கம். அந்த எண்கள் தெரியாமல் முன்பக்க வாசகத்தைத் தமிழாக்கினால், எந்தச் சொல் எல்லை தாண்டுகிறது என்பதே தெரியாது.

அப்படி வந்த ஒன்றைப் பற்றி இங்கே விவரமாகச் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய யூனிட். தினை, வேர்க்கடலை, எள், வெல்லம் சேர்த்து லட்டு பிடித்து, 20 கிராம் உருண்டைகள் பத்தை ஒரு டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். இதுவரை ஆங்கில லேபிள் மட்டும்தான். செங்குன்றம், தாம்பரம் பக்க மளிகைக் கடைகளுக்கும் அனுப்பத் தொடங்கியதால் தமிழும் வேண்டும் என்றார்கள். நடத்துபவர் நல்ல மனிதர், பொருளும் நல்ல பொருள். விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதான் கொஞ்சம் உற்சாகம். "மேடம், தமிழ்ல நல்லா பஞ்ச்சா இருக்கணும்" என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டார்.

பரிசோதனைக் கூட அறிக்கைப்படி 100 கிராமில் இருந்தவை இவை: 446 கிலோ கலோரி, புரதம் 11 கிராம், கார்போஹைட்ரேட் 60 கிராம், நார்ச்சத்து 5 கிராம், மொத்தச் சர்க்கரை 27 கிராம், அதில் சேர்த்த சர்க்கரை 25 கிராம். மொத்தக் கொழுப்பு 18 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 3.2 கிராம். கொலஸ்ட்ராலும் டிரான்ஸ் கொழுப்பும் பூஜ்யம். சோடியம் 40 மில்லிகிராம். ஆங்கில முன்பக்கத்தில் நாலு வரிகள் இருந்தன: சோர்ஸ் ஆஃப் ஃபைபர், கொலஸ்ட்ரால் ஃப்ரீ, நோ ரிஃபைன்ட் சுகர், அப்புறம் நார்ச்சத்து இயல்பான செரிமானத்துக்குத் துணை செய்கிறது என்ற பொருளில் ஒரு வரி.

நார்ச்சத்திலிருந்து தொடங்குகிறேன். தம்பி அனுப்பிய மாதிரி வாசகம் "நார்ச்சத்து நிறைந்தது". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ் விளம்பர நடையில் கை தானாகப் போகிற சொல் அது. புரதம் நிறைந்தது, இரும்புச்சத்து நிறைந்தது என்று தினமும் படிக்கிறோம். ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018ஆம் ஆண்டு விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிமுறைகளில் நார்ச்சத்துக்கு இரண்டு படிகள் இருக்கின்றன. 100 கிராமில் குறைந்தது 3 கிராம் இருந்தால் 'சோர்ஸ்' என்று சொல்லலாம். 'ஹை' அல்லது 'ரிச்' என்று சொல்ல 6 கிராம் வேண்டும். நம் லட்டில் 5 கிராம்தான். ஆங்கிலத்தில் எழுதியவர் இதைத் தெரிந்தேதான் கீழ்ப்படியில் நின்றிருக்கிறார். தமிழில் 'நிறைந்தது' என்று போட்டால் ஒரே சொல்லில் மேல்படிக்கு ஏறிவிடுகிறோம், பரிசோதனை அறிக்கை கீழேயே நிற்கிறது.

"நார்ச்சத்து கொண்டது" என்று எழுதிக் கொடுத்தேன். 'நார்ச்சத்தின் மூலம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது நேர்ப் பெயர்ப்பு, ஆனால் கடையில் நிற்பவருக்கு அப்படிச் சொன்னால் ஒன்றும் விளங்காது. 'உள்ளது', 'கொண்டது' என்பவை கீழ்ப்படிக்குப் போதும். 'நிறைந்தது', 'மிகுந்தது', 'செறிந்தது' எல்லாம் மேல்படிக்கு உரியவை. இன்னொன்றையும் தம்பிக்குக் காட்டினேன்: 100 கிராமுக்கு 5 கிராம் என்றால் ஓர் உருண்டையில் 1 கிராம்தான். உருண்டையைச் சாப்பிடுகிறவர் 'நிறைந்தது' என்று நம்பி வாங்கினால் அவருக்குக் கிடைப்பது அவ்வளவே.

கொலஸ்ட்ரால் வரிதான் இந்த லேபிளில் ரொம்ப ஆபத்தானது. மாதிரி வாசகத்தில் அதைக் "கொழுப்பு இல்லாதது" என்று எழுதியிருந்தார்கள். நம் பேச்சில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. "எனக்குக் கொழுப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னார்" என்றால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பேசுகிற மாதிரி எழுதிவிட்டார். ஆனால் அதே டப்பாவின் பின்பக்கத்தில் மொத்தக் கொழுப்பு 18 கிராம் என்று அச்சாகியிருக்கிறது. கொலஸ்ட்ரால் விலங்குப் பொருள்களிலிருந்து வருவது. நெய்யோ பாலோ சேராத கடலை, எள்ளில் அது இருக்காது. எண்ணெய்க் கொழுப்போ தாராளமாக இருக்கும். கடலை எண்ணெய் முழுக்க முழுக்கக் கொழுப்பு, அதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆகவே 'கொலஸ்ட்ரால்' என்பதைத் தமிழ் எழுத்திலேயே விட்டுவிடுவதுதான் சரி. ரத்தப் பரிசோதனைச் சீட்டு புழங்காத வீடு சென்னையில் குறைவு, சொல் எல்லாருக்கும் தெரியும்.

இதோடு முடியவில்லை. ஆங்கில வரியே நிற்குமா என்ற சந்தேகம் வந்தது. கொலஸ்ட்ரால் இல்லை என்று உரிமை கோருவதற்கு கொலஸ்ட்ரால் பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது. நிறைவுற்ற கொழுப்பும் குறைவாக இருக்க வேண்டும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டுதலில் திட உணவுக்கு அது 100 கிராமில் 1.5 கிராமுக்குக் கீழ். காரணம் எளிது: ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டுவதில் நாம் தின்கிற கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குப் பங்கு அதிகம். அதை நிறைய வைத்துக்கொண்டு 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று சொல்வது படிக்கிறவரைத் திசைதிருப்பும். இங்கே 3.2 கிராம். இரண்டு மடங்குக்கு மேல். உரிமையாளரிடம் இதை ஒரு குறிப்பாக எழுதி அனுப்பி, உணவு ஒழுங்குமுறை பார்க்கும் அவர்களுடைய ஆலோசகரிடம் கேட்கச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சட்ட ஆலோசகர் ஆகிவிடக் கூடாது. ஆனால் எண்ணும் வாசகமும் முட்டுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நாம்தான், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகப் படிக்கிற ஒரே ஆள் நாம். ஆலோசகர் பார்த்துவிட்டு அந்த வரியை ஆங்கிலத்திலும் எடுத்துவிடச் சொன்னார்.

அடுத்து சர்க்கரை. இதில்தான் தம்பியோடு கொஞ்சம் இழுபறி. 'நோ ரிஃபைன்ட் சுகர்' என்பதைத் "சர்க்கரை இல்லாத லட்டு" என்று போட வேண்டும் என்பது அவர் ஆசை. "வெல்லம்தானே மேடம் போடுறோம், சர்க்கரை எங்க இருக்கு?" என்றார். பேச்சு வழக்கில் அது நியாயமான கேள்வி. நம் ஊரில் வெல்லம் வேறு, கருப்பட்டி வேறு, சர்க்கரை வேறு. ஆனால் வெல்லத்தில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், அட்டவணையும் அதைச் சேர்த்த சர்க்கரை என்ற வரியில்தான் கணக்கு வைக்கிறது. 25 கிராம். 'சுகர் ஃப்ரீ' என்று சொல்ல 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 'நோ ஆடட் சுகர்' என்று சொல்லவேண்டுமானால் எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது, சர்க்கரைக்கு மாற்றாக இனிப்பைக் கொண்டுவரும் பொருளும் சேர்த்திருக்கக் கூடாது. வெல்லம் போட்ட லட்டுக்கு இரண்டுமே பொருந்தாது.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சர்க்கரை என்பதும் சுகர் என்பதும் நமக்கு வியாதியின் பெயர்கள். "மாமாவுக்குச் சர்க்கரை" என்றால் யாரும் டப்பாவைத் தேட மாட்டார்கள். ஆகவே 'சர்க்கரை இல்லாதது' என்ற வரியைப் படிக்கும் வீட்டுப் பெண் அதை உட்பொருள் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார். சர்க்கரைக்காரர்கள் சாப்பிடலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆங்கில வரியில் இல்லாத ஒரு மருத்துவ வாக்குறுதி அங்கே தானாக முளைத்துவிடும். தம்பி அடுத்த படிக்கும் போனார்: "சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்றது" என்று தமிழில் மட்டும் சின்னதாகப் போடலாமே, ஆங்கிலத்தில் வேண்டாம் என்றார். லேபிளில் ஆங்கிலமோ தேவநாகரி இந்தியோ கட்டாயம், மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம், ஆனால் அவை கட்டாய மொழியில் உள்ளதோடு முரண்படக் கூடாது என்று விதி இருக்கிறது. தமிழ் ஓரத்தில் ஒதுங்கி நின்று சொல்லலாம் என்று அதிகாரிகள் யாரும் விட்டுவிட மாட்டார்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்று உரிமையாளருக்கும் சேர்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகு தம்பியிடமிருந்து அந்தப் பேச்சு வரவில்லை.

எழுதிக் கொடுத்தது: "வெல்லம் சேர்த்தது. வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை." வெல்லத்தை முதலில் வைத்தது வேண்டுமென்றேதான். இரண்டாவது வாக்கியம் மட்டும் தனியாக நின்றால் அது உண்மையாக இருந்தும் ஏமாற்றும்.

நாலாவது வரியில் சிக்கல் வினைச்சொல்லில் இருந்தது. ஆங்கிலத்தில் 'சப்போர்ட்ஸ்' என்று அடக்கமாக இருந்ததை மாதிரி வாசகம் "செரிமானத்தைச் சீராக்கும், மலச்சிக்கலைத் தீர்க்கும்" என்று ஆக்கியிருந்தது. மலச்சிக்கல் என்ற பேச்சே ஆங்கிலத்தில் இல்லை. ஓர் உபாதையின் பெயரைச் சொல்லி அதைத் தீர்க்கும் என்றால் அது உணவின் உரிமைகோரல் அல்ல, மருந்தின் உரிமைகோரல். நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்று உணவு லேபிள் சொல்லக் கூடாது. தனியாக அனுமதித்தவை மட்டும் விலக்கு. அந்தப் பாதியை அடித்துவிட்டேன், விவாதமே இல்லை.

மீதிப் பாதி நுட்பமானது. 'சீராக்கும்' என்பதில் உள்ள 'உம்' விகுதியைக் கவனியுங்கள். சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதும் இதே வடிவம்தான். எப்போதும், தவறாமல், எல்லாருக்கும் என்ற உறுதி அதில் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. மருந்து விளம்பரச் சுவரெழுத்துகள் எல்லாம் இந்த விகுதியில் முடிவது தற்செயல் இல்லை. இதைத் தவிர்க்க எல்லா இடத்திலும் 'உதவக்கூடும்' என்று போடலாம் என்று தோன்றும். ஆனால் அதையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் 'மே' என்று இருந்தால்தான் 'கூடும்'. 'சப்போர்ட்ஸ்' என்பதற்குத் 'துணைசெய்கிறது' போதும். அடக்கமாக எழுதுகிறேன் என்று மூலத்தைவிடக் கீழே இறக்குவதும் பெயர்ப்பு ஆகாது.

எழுவாயையும் விடக் கூடாது. மூலத்தில் செரிமானத்துக்குத் துணைசெய்வது நார்ச்சத்து. லட்டு அல்ல. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதினாலும் வாக்கியம் நன்றாகவே நிற்கும், அதுதான் ஆபத்து. "செரிமானத்துக்குத் துணைசெய்கிறது" என்று மட்டும் டப்பாவில் போட்டால், மேலே பெரிதாக இருக்கும் லட்டின் பெயரே எழுவாய் ஆகிவிடும். அப்புறம் 'இயல்பான' என்ற சொல். 'நார்மல்' என்பது சும்மா வந்த அலங்காரம் இல்லை. உடல் வழக்கமாகச் செய்வதைத் தொடர்ந்து செய்ய உதவுகிறது என்று அது எல்லை கட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் இருப்பதைவிட நன்றாக ஆக்கும் என்ற வாசனை வந்துவிடும். கடைசியில் நின்ற வாக்கியம்: "நார்ச்சத்து, செரிமானம் இயல்பாக நடக்கத் துணைசெய்கிறது."

பின்பக்க அட்டவணையில் உரிமைகோரல் எதுவும் இல்லை, எண்கள்தானே, மளமளவென்று முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதிக நேரம் பிடித்தது அங்கேதான். ஒரு நிரல், ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவு தினசரி அளவில் எத்தனை சதவீதம் என்று காட்டும். வழக்கமாக அதன் தலைப்பை "தினசரித் தேவையில் %" என்று எழுதுகிறார்கள். கணக்கின் அடிப்படை விதிமுறையில் இருக்கிறது: 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். இதில் சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்பது யாருடைய தேவை? டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம் யாருக்குத் தேவை? இவையெல்லாம் இதற்கு மேல் போகாதே என்று கட்டிய கூரைகள். ஓர் உருண்டையில் சேர்த்த சர்க்கரை 5 கிராம், அதாவது 10 சதவீதம். 'தேவையில் 10%' என்று படித்தால் இன்னும் ஒன்பது உருண்டை சாப்பிட்டால்தான் தேவை நிறையும் என்று ஆகிவிடும். டப்பாவில் மொத்தமே பத்துதான்!

அதனால் நிரல் தலைப்பை "ஒரு நாள் கணக்கில் %" என்று வைத்தேன். கீழே அடிக்குறிப்பாக, 2000 கிலோ கலோரி உணவை வைத்துப் போட்ட கணக்கு என்றும், கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, சோடியத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்றும் எழுதினேன். ஆலோசகர் ஏற்றுக்கொண்டார். 'சர்விங்' என்பதற்கு 'ஒரு பரிமாறல்' என்று எழுதினால் கல்யாணப் பந்தி ஞாபகம் வருகிறது, 'ஒரு வேளை அளவு' என்றால் மருந்துச் சீட்டு. "ஓர் உருண்டையில் (20 கிராம்)" என்று நேராகவே எழுதிவிட்டேன். கார்போஹைட்ரேட்டை 'மாவுச்சத்து' என்று எழுதுவதையும் தவிர்த்தேன், ஏனென்றால் அதற்குக் கீழேயே சர்க்கரை உட்பிரிவாக வருகிறது. மாவுக்குள் எப்படிச் சர்க்கரை என்று படிக்கிறவர் குழம்புவார்.

வாசகம் ஒப்புதலாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். திருவல்லிக்கேணியில் ஒரு வடிவமைப்பாளரிடம் போனது. தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளமாக வரும், டப்பா அதே அளவுதான். அவர் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்வதில்லை, இடம் போதவில்லை என்று வெட்டுவார். வெட்டும்போது முதலில் போவது 'இயல்பாக', 'நார்ச்சத்து', 'கூடும்' போன்ற கட்டுப்படுத்தும் சொற்கள்தான். அவருக்கு அவை அலங்காரமாகத் தெரியும். முதல் புரூஃபில் "செரிமானத்துக்குத் துணை" என்று இரண்டே சொல் நின்றது. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் நீளமானது ஒன்று, வெட்டிக்கொள்ளக் குட்டையானது ஒன்று என்று நானே இரண்டாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். குட்டையானதும் பொருந்தாவிட்டால் வரியை முழுதாக எடுத்துவிடுங்கள், பாதியாக்காதீர்கள் என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுவேன். இதே புரூஃபில் சோடியத்தின் 'மி.கி' என்பது 'கி' ஆகியிருந்தது. ஆயிரம் மடங்கு உப்பு! எண்களை மட்டும் சரிபார்த்தால் இது கண்ணில் படாது. அலகையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசி சோதனை, ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் தமிழ் முகப்பை மட்டும் காட்டுவது. "புரியுதா?" என்று கேட்டால் எல்லாரும் புரியுது என்றுதான் சொல்வார்கள். நான் கேட்பது வேறு: இதை யாருக்கு வாங்கிக் கொடுப்பீங்க, ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடலாம், சாப்பிட்டா என்ன ஆகும். எங்கள் குடியிருப்பில் எதிர் வீட்டு அக்காவிடம் தம்பியின் மாதிரி வாசகத்தையும் என்னுடையதையும் வேறு வேறு நாளில் காட்டினேன். முதலாவதைப் பார்த்ததும், "எங்க மாமியாருக்கு வாங்கலாம்மா, அவங்களுக்குச் சுகர், பாவம் இனிப்பே தொட முடியல" என்றார். இரண்டாவதைப் படித்துவிட்டு, "வெல்லம் இருக்கே, மாமியாருக்கு ஆகாது. பசங்களுக்கு டிபன் பாக்ஸ்ல ஒண்ணு வைக்கலாம்" என்றார். இந்த இரண்டு பதில்களையும் அப்படியே எழுதி உரிமையாளருக்கு அனுப்பினேன். சட்டப் பிரிவுகளைவிட அவருக்கு அது சட்டென்று பிடிபட்டது.

லேபிள் அச்சுக்குப் போன பிறகு தம்பி கடைகளில் ஒட்டும் சுவரொட்டிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கும் வாசகம் கேட்டார். அவையும் விளம்பரம்தான், அதே விதிகள்தான் பொருந்தும். ஆகவே லேபிளில் ஒப்புதலான வாக்கியங்களையே ஒரு சொல் மாற்றாமல் எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். சுவைக்கு மட்டும் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளலாம் என்றேன். "கடித்தவுடன் கரையும்" என்று எழுதி அனுப்பினார். எள்ளும் கடலையும் போட்ட லட்டு அவ்வளவு சீக்கிரம் கரையாது, ஆனால் அதில் நான் தலையிடவில்லை.